ஆறாவது அடி எங்கே போச்சு?

மூன்று நாளாக அந்த வீட்டில் ஹார்மோனியம் திறக்கப்படவில்லை. போன வாரக் கதையில், ஒத்திகையின் நடுவே மகள் படாரென்று அதை மூடிவிட்டு எழுந்து போனது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தாலும் பரவாயில்லை, சண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சண்டைக்குக் காரணம் தபேலா. வாசிப்பவள் அம்மா.

அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. தையற்கடை வைத்திருக்கிறாள். அவள் மிஷினை மிதித்தால் எதிர்க்கடைக்காரர் ஏதோ வண்டி வருகிறதென்று எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் மெயில் வண்டி. சாப்பாடு, பேச்சு, நடை எல்லாமே அதே வேகம்தான். இரண்டு வருடம் முன்பு தபேலா கற்றுக்கொள்ளப் போனபோது அந்த வேகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கேதான் வினை.

இன்று மாலை ஐந்தரை மணிக்கு, நூலகத்து மாடிக் கூடத்தில் தபேலா வகுப்பு மாணவர்கள் எல்லோரும் வாசிக்கிறார்கள். அம்மாவுக்கு எட்டு நிமிடம். மகள் ஹார்மோனியத்தில் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். பதினாறு அடிக்கு ஒரு சுற்று. லெஹரா என்று அதற்குப் பெயர். அந்த மெட்டுதான் வீடு. தபேலா எங்கே சுற்றித் திரிந்தாலும் சுற்றின் முதல் அடிக்குச் சரியாக வீடு வந்து சேர வேண்டும்.

ஒத்திகையில் அம்மா வீடு வந்து சேர்ந்தபோது மகள் பாதி வழியில் இருந்தாள்.

காலையில் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. அம்மா தட்டைக் கழுவியபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்று நாளில் முதல் முறையாக மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, சாயங்காலம் நான்..."

"வர மாட்டே. அதானே? சரி, வராதே. நான் பாத்துக்கிறேன்."

மகள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த அவசரத்துக்கும் அசராத மனுஷன்.

"அவ வேற ஏதாவது சொல்ல வந்திருக்கலாம்."

"வேற என்ன சொல்வா? எனக்குத் தெரியாதா அவளை?"

"தெரியும். அவளுக்கு முன்னாடியே தெரியும். அதுதான் பிரச்னையே." அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். "லிஃப்டுல கதவு மூடுற பட்டனைச் சில பேரு பத்துத் தடவை அமுக்குவாங்க. ஆனா அது மூடுற நேரத்துக்குத்தான் மூடும். பட்டன் தேயறதுதான் மிச்சம்."

"காலங்காத்தால லிஃப்டு கதை வேண்டாம். கிளம்புங்க."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபப்பட்டுப் பேசிவிட்டாளே தவிர, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். இந்தத் தபேலாவை அவள் தொட்டதே மகளுக்காகத்தான். வாசிக்கத் துணை கிடைக்காமல் மகள் தனியாக உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்துத்தான், 'யாரோ எதுக்கு, நானே கத்துக்கிறேன்' என்று போனாள். கடைசியில் மகளைத் துரத்தியதும் அவளேதான்.

கடைக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை. அதை நடத்தும் இருபத்தேழு வயது இளைஞனைத் தெருவே போன் டாக்டர் என்று கூப்பிடும். அவன்தான் அம்மாவின் தபேலா வாத்தியார். தபேலா முன்னால் உட்கார்ந்தால் அவள் அவனை "சார்" என்பாள். எழுந்துவிட்டால் "தம்பி". அவனுக்கு எப்போதும் அவள் "அக்கா"தான்.

பத்து மணிக்கு அவன் வந்து கடை வாசலில் நின்றான்.

"அக்கா, அந்தக் கடைசி உருப்படியை வாயால சொல்லுங்க. கையில தாளம் போடுங்க."

கடைசி உருப்படி திஹாய். ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து, மூன்றாவதன் கடைசி 'தா' சரியாக அடுத்த சுற்றின் முதல் அடியில் விழ வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்திருந்த சொற்கட்டு நாலு அடி. ஐந்தாவது அடியில் 'தா'. ஆறாவது அடி சும்மா. ஒன்றும் கிடையாது. ஏழாவதில் மறுபடி ஆரம்பம். பத்து வரைக்கும் சொற்கட்டு, பதினொன்றில் 'தா', பன்னிரண்டு சும்மா. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை மூன்றாம் முறை. அதற்கடுத்த 'தா' வீட்டு வாசல். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

அம்மா துணியை ஒதுக்கிவிட்டுக் கை தட்டிக்கொண்டு சொன்னாள்.

"தாதி தாகெ தினா கினா தா... தாதி தாகெ தினா கினா தா... தாதி தாகெ தினா கினா தா!"

'தா' என்று அவள் முடித்தபோது கை பதினைந்தாவது அடியில் இருந்தது.

"ஆறாவது அடி எங்க போச்சு அக்கா?"

"விட்டேனே சார்."

"விடல. முழுங்கிட்டீங்க. பன்னிரண்டாவதையும் சேர்த்து. அதான் ரெண்டு அடி முன்னாடியே இறங்கிட்டீங்க. பஸ்ஸு இன்னும் நிக்கவே இல்ல."

"கொஞ்சம் நிறுத்தித்தான் சொன்னேன்!"

அவன் கைப்பேசியை எடுத்து ஒத்திகைப் பதிவைப் போட்டுக் காட்டினான். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு எழுபது அடி. மகள் எழுந்து போன நேரத்தில் தொண்ணூற்றிரண்டு.

"உங்க போன் ரிப்பேரு," என்றாள் அம்மா.

"போன் ரிப்பேரு பாக்கறவன்கிட்டயே சொல்றீங்க பாருங்க." அவன் சிரித்தான். "அக்கா, நீங்க எங்க ஓடறீங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? சத்தம் இருக்கற இடத்துல நீங்க ஓடறதே இல்ல. ஒன்பதாவது அடிக்கு அப்புறம் இடதுகை 'கும்'முன்னு அடிக்காம சும்மா இருக்கணும், பாருங்க, அந்த நாலு அடியில ஓடறீங்க. அப்புறம் இந்தத் திஹாய்ல சும்மா இருக்கற அடியில ஓடறீங்க. சும்மா இருன்னா உங்களுக்குப் பயம்."

"வேலை இல்லாம சும்மா இருந்தா யாருக்குத்தான் பயம் வராது?"

"அதுக்கு நான் என்ன சொல்லித் தரது? காத்திருங்கன்னுதான் சொல்ல முடியும்." அவன் பரிதாபமாகத் தலையைச் சொறிந்தான். "ஹார்மோனியத்துக்கு என்ன பண்றது?"

"அவ வர மாட்டா."

"அப்ப போன்ல லெஹரா போட்டுக்கலாம். ஆனா போன் உங்களுக்காக வேகத்தைக் கூட்டாது. சொல்லிட்டேன்."

அவன் போய்விட்டான். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மகள் இத்தனை நாளும் தனக்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. 'உன் பின்னாடியே ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்குதும்மா' என்று ஒத்திகையில் மகள் கத்தியது சும்மா கோபத்தில் இல்லை. நிஜமாகவே ஓடியிருக்கிறாள், பாவம்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க அம்மாவுக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்துச் சட்டைகள் ஏழு பாக்கி. எல்லாவற்றுக்கும் காலர் தைக்க வேண்டும். துணியை வைத்து, மிஷினை ஓட்டினாள். வாய் அதுபாட்டுக்குத் திஹாயைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காலர் தைத்தவர்களுக்குத் தெரியும். மூன்று பக்கம், இரண்டு முனை. சின்னப் பக்கம் ஒன்று தைத்து வந்து, முனையில் நிறுத்த வேண்டும். ஊசி துணிக்குள் இறங்கியே இருக்க வேண்டும். துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி, அப்புறம்தான் நீளப் பக்கம். மறுபடி முனை. மறுபடி சின்னப் பக்கம். முனையில் நிற்காமல் ஓட்டினால் காலர் நாய் நாக்கு மாதிரி உருண்டுவிடும். அம்மா எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் இதுவரை ஒரு முனையும் உருண்டதில்லை. கடையின் பெயரே அந்த முனையில்தான் நிற்கிறது.

"தாதி தாகெ தினா கினா தா..."

முனை வந்தது. ஊசி இறங்கி நின்றது. கை பாதத்தைத் தூக்கியது, துணியைத் திருப்பியது.

"தாதி தாகெ தினா கினா தா..."

அடுத்த முனை. தூக்கினாள், திருப்பினாள்.

"தாதி தாகெ தினா கினா தா."

அம்மா மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

இப்போது வாய் எங்கேயும் ஓடவில்லையே? முனை வந்ததும் தானாக நின்றது. கை வேலை முடிந்ததும் தானாகக் கிளம்பியது. மூன்று தையல், இரண்டு முனை. மூன்று சொற்கட்டு, இரண்டு சும்மா.

"அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "இருபத்தைஞ்சு வருஷமா இதைத்தானே தைச்சுக்கிட்டிருக்கே!"

அடுத்த காலரை எடுத்தாள். இந்த முறை கவனமாகப் பார்த்தாள். 'தா' என்கிறபோது ஊசி இறங்குகிறது. அடுத்த அடி சும்மாவா இருக்கிறது? அடியின் முதல் பாதியில் தூக்கு, இரண்டாம் பாதியில் திருப்பு. இரண்டு வேலை! அவள் வாசிக்கும் சொற்கட்டிலும் அடிக்கு இரண்டு எழுத்துதான். அப்படியானால் சும்மா இருக்கிற அடியும் அதே அளவுதான், துளிகூடக் குறையக் கூடாது. சத்தம் மட்டும்தான் இல்லை, வேலை இருக்கிறது. அப்புறம் ஏன் பயம்?

ஏழு காலரும் தைத்தாள். ஏழிலும் திஹாய் சரியாக வந்தது. ஏழாவது முடிந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், மிஷின் சத்தம் குறைந்ததால் வந்த சந்தேகம்.

மூன்று மணிக்கு அம்மா போன் டாக்டரின் கடைக்குள் புயலாக நுழைந்து, தாளம் போட்டபடியே திஹாயைச் சொல்லிக் காட்டினாள். 'தா' முதல் அடியில் விழுந்தது. அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

"எப்படி அக்கா?"

"ஆறாவதுல தூக்கு, திருப்பு. பன்னிரண்டுல தூக்கு, திருப்பு."

"எதைத் தூக்கறது?"

"அது உனக்குப் புரியாது தம்பி. சட்டை தைக்கத் தெரியணும்."

மாலை ஐந்தே கால். நூலகத்து மாடிக் கூடத்தில் அறுபது நாற்காலி, ஐம்பது பேர். அப்பா முதல் வரிசையில், வேலைச் சட்டையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஹார்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அவதான் வரலையே, இதை எதுக்குச் சுமந்துக்கிட்டு?"

"இருக்கட்டும். பழகின சாமான், வீட்டுல தனியா விட்டா கோவிச்சுக்கும்."

போன் டாக்டர் சின்னச் சுத்தியலால் தபேலாவின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுதி சேர்த்தான். அவனுடைய கைப்பேசி மேடையில் தயாராக இருந்தது. அம்மாவின் முறை வந்தது. உட்கார்ந்தாள். உள்ளங்கையில் பவுடரைத் தடவிக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்தாள்.  தூக்கு, திருப்பு என்பதெல்லாம் கடையோடு சரி போலிருக்கிறதே என்று பயந்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. மகள்.

ஓடி வந்த மூச்சோடு நேராக மேடைக்கு வந்தாள். அப்பா பெட்டியை நீட்டினார். அவள் வாங்கி வைத்துத் திறந்தாள். கைப்பேசியை எடுத்துப் போன் டாக்டரிடம் கொடுத்தாள்.

"நீ வர மாட்டேன்னு..." என்று கிசுகிசுத்தாள் அம்மா.

"நானா சொன்னேன்? சாயங்காலம் நான் பர்மிஷன் போட்டுட்டு நேரா அங்க வந்துடறேன்னு சொல்ல வந்தேன். எங்க முடிக்க விட்ட நீ?"

 முதல் தடவையாக, அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை.

"இன்னிக்கு நான் ஓட மாட்டேன்மா," என்றாள் மகள். "நீ ஓடினா ஓடிக்கோ. நான் என் வேகத்துலதான் வாசிப்பேன்."

"ஓடாதே. நான் வரேன்."

மெட்டு ஆரம்பித்தது. அம்மா ஒரு சுற்று முழுக்க வாசிக்காமல் கேட்டாள். இதையும் முன்பு செய்ததில்லை. அடுத்த சுற்றின் முதல் அடியில் இறங்கினாள்.

தா தின் தின் தா, தா தின் தின் தா. ஒன்பதாவது அடி தாண்டி இடதுகை ஓய்ந்த நாலு அடியில், வழக்கமாகக் கால் தரையில் நிற்காத இடத்தில், அம்மா மகளின் மெட்டைக் கேட்டாள். அந்த இடத்தில் மெட்டு கொஞ்சம் மேலே ஏறி இறங்குகிறது. இரண்டு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. இவள் ஓடிய ஓட்டத்தில் காதில் விழுந்ததே இல்லை! அழகாக வாசிக்கிறாளே என் பெண் என்று நினைத்துக்கொண்டாள். கை நிதானமாகவே போனது.

நாலாவது நிமிடத்தில் ஒரு சோதனை வந்தது. சத்தம் கூட்ட வேண்டிய இடம். சத்தம் கூடினால் வேகமும் கூடிவிடும், அதுதான் எல்லோரும் வழுக்கும் இடம். அம்மாவின் கை ஒரு நூல் முந்தியது. மெட்டு முந்தவில்லை. அம்மா தோளைத் தளர்த்தி, மூச்சை விட்டு, மெட்டு வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் சேர்ந்துகொண்டன. மகளின் புருவம் ஏறியது.

கடைசிச் சுற்று. திஹாய்.

தாதி தாகெ தினா கினா தா.

ஆறாவது அடி. தபேலா நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் முதல் வரிசையில் ஒருவர் பலமாகக் கை தட்டினார். முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். வேறு யார், அப்பாதான். எதற்கும் அசராத மனுஷன், வாழ்நாளில் முதல் முறையாக அவசரப்பட்டதும் அங்கேதான். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள்.

பழைய அம்மாவாக இருந்தால் அந்தத் தட்டலோடு சேர்ந்து ஓடியே போயிருப்பாள். இப்போது அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை. தூக்கினாள், திருப்பினாள்.

தாதி தாகெ தினா கினா தா.

பன்னிரண்டாவது அடி. அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அம்மா காத்திருந்தாள், முழு அடியும்.

தாதி தாகெ தினா கினா

தா!

தபேலாவும் ஹார்மோனியமும் ஒரே இடத்தில் விழுந்தன. இடப்பக்கத் தபேலாவின் 'கும்' கூடம் முழுக்கப் பரவியது. இப்போது தட்டலாமா என்று அப்பா போன் டாக்டரைப் பார்த்தார். அவன் தலையாட்டுவதற்குள் ஐம்பது பேரும் தட்டிவிட்டார்கள்.

மகள் அப்படியே சாய்ந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் அழவும் செய்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு, மாடிப்படியில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மாவின் நாக்கு நுனியில் மூன்று பதில் வந்து நின்றது. வேறு ஊரில் வேலை. யாரையோ பிடித்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டாள். மூன்றையும் விழுங்கினாள். மகள் படியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா காத்திருந்தாள்.

"அடுத்த மாசம் வெளியூர்ல ஒரு இசை விழா. புதுசா வாசிக்கறவங்களுக்கு. ரெண்டு மாசம் முன்னாடி எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடி பதில் வந்துச்சு. கூப்பிட்டிருக்காங்க."

அம்மா கையைத் தட்டப் போனாள். நிறுத்திக்கொண்டாள். மகளின் முகத்தில் இன்னும் பாக்கி இருந்தது.

"ஹார்மோனியத்துக்கு மட்டும் இல்லம்மா. ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதியிருந்தேன்."

"ரெண்டு பேர்னா?"

"என்னையும் உன்னையும். நாற்பது நிமிஷம்."

அம்மா வாயைப் பிளந்தாள். "ரெண்டு மாசம் முன்னாடியா? அப்ப நான் தறிகெட்டு ஓடிக்கிட்டிருந்தேனேடி!"

"ஆமா. அந்தப் பயத்துலதான் அன்னிக்கு அவ்வளவு கத்தினேன்." மகளின் குரல் தணிந்தது. "படிவத்துல உன் பேருக்கு நேரா தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு. தபேலான்னு எழுதிட்டேன்."

"தையல்னு எழுதலையா?"

"இல்ல."

 அம்மா மகளின் கையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். தான் ஓடிக்கொண்டிருந்த அந்த நாளிலேயே இந்தப் பெண் தன்னை நம்பி எழுதிப் போட்டிருக்கிறாள். இரண்டு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள், சொல்ல இடம் கிடைக்காமல்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா," என்றாள் மகள், மெல்ல. "அந்த விழாவை நடத்தறவர் உன்னைத் தெரியும்னு எழுதியிருக்கார்."

மேலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு? யாரு? எந்த ஊரு? வண்டி ஏதாவது சொல்லணுமா?"

அம்மா நிமிராமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. அவ சொல்லி முடிக்கட்டும்."